ஜாகா இடத்தில் இல்லை

கடிதத்தில் எந்த வார்த்தையைப் போடுவது என்பதில்தான் அன்றைக்கு வீட்டில் வாக்குவாதம். எழுதியவள் அஃப்ரீன். எழுதச் சொன்னவள் அவளுடைய உம்மா நூர் பீவி. வார்த்தையை மாற்றச் சொன்னவர் நூர் பீவியின் அண்ணன் கமாலுதீன். மூன்று பேரும் இர்வானுக்கு நல்லது நினைத்துத்தான் பேசினார்கள். பிறகு நடந்ததையெல்லாம் பார்க்கும்போது, கெட்டது நினைத்திருந்தால்கூட இவ்வளவு பாழாகியிருக்காது என்று தோன்றும்.

இர்வான் நூர் பீவியின் மூத்தவன். பினாங்கை ஒட்டிய ஜுருவில் அட்டைப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டினான். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே கமாலுதீன்தான். அவர் அதே தொழிற்சாலையில் ஜாகா. வாசலில் காவல், மணிக்கு ஒரு முறை உள்ளே ஒரு சுற்று. ஆள் வெள்ளைத்தாடியும் இஸ்திரி போட்ட சீருடையுமாக இருப்பார். முதலாளியின் காரே வந்தாலும் உள்ளே இருப்பது யார் என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் தடுப்பைத் தூக்குவார்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓவர்டைம். உள்ளே ஆட்கள் குறைவு. அட்டையை இழுக்கிற இரண்டு உருளைகளுக்கு நடுவே இர்வானின் வலது கை போய்விட்டது. கை போன வேகத்தில் தலை இரும்புத் தூணில் மோதியது. பக்கத்தில் யாரும் இல்லை. சுற்று வந்த கமாலுதீன்தான் பார்த்தார். சிவப்புப் பொத்தானை அடித்து மெஷினை நிறுத்தி, தன் சட்டையைக் கழற்றிக் கட்டி, ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கத்திக்கொண்டே இருந்தார். அன்று போன தொண்டை அவருக்குத் திரும்ப ஒரு வாரம் பிடித்தது.

இர்வானை ஜார்ஜ்டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். முழங்கைக்கு மேலே கையை எடுத்தார்கள். தலைக்குள் ரத்தம் கட்டியிருந்ததால் கண் திறக்கவில்லை. குழாய்களுக்கு நடுவே படுத்திருந்தான்.

கம்பெனியிலிருந்து பழக்கூடையோடு சூப்பர்வைசர் வந்தார். ரொம்ப வருத்தம் என்றார். தொழிலாளர் காப்புறுதிக்கான சொக்சோவுக்குப் போக வேண்டிய விண்ணப்பப் பாரமெல்லாம் போய்விட்டது, கவலைப்பட வேண்டாம் என்றார். எப்படி நடந்தது என்று நூர் பீவி கேட்டபோது மட்டும் வாட்சைப் பார்த்தார். "அவசரப்பட்டுட்டான் போலம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஒரு சொல் நூர் பீவியின் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. அவசரமா? இர்வானா? சோறு உண்ண அரை மணி நேரம், குளிக்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிற பிள்ளை. மோட்டாரில் போனால் பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போவார்கள். அவனைப் போய் அவசரக்காரன் என்கிறார்களே. தான் வேலை செய்யும் பள்ளிக்கூடக் கேன்டீனில் மீ கோரெங் நூடுல்ஸ் கிளறும்போதும் அவளுக்கு அதே நினைப்பு. தன் பிள்ளை கையை யார் எடுத்தது, அவனேவா, வேறு யாருமா? அதைத் தெரிந்துகொள்ளாமல் அவளால் இருக்க முடியவில்லை.

"விபத்து நடந்தா கம்பெனி விசாரிச்சு ரிப்போர்ட் எழுதணும்மா. அதுல எல்லாம் இருக்கும். லெட்டர் எழுதிக் காப்பி கேப்போம்" என்றாள் அஃப்ரீன். அவள் மருந்துக் கடையில் வேலை செய்கிறவள். மலாயில் கோர்வையாக எழுதுவாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சாப்பிட வந்திருந்த கமாலுதீனுக்கு அந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டினாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தவர், 'சாலினான்' என்ற வார்த்தை வந்ததும் கையைத் தூக்கிவிட்டார்.

"காப்பின்னு போடாதேலா."

"ஏன் மாமா?"

"காப்பி கேட்டா என்ன நெனைப்பாங்க? லாயர் வெச்சுட்டாங்க, கோர்ட்டுக்குப் போறாங்கன்னு நெனைப்பாங்க. அப்புறம் வாயே தொறக்க மாட்டாங்க. மரியாதையா, என்ன நடந்துச்சுன்னு விவரம் தெரிவிக்கணும்னு போடு. அது போதும்."

"விவரம் கேட்டா அவங்களா நாலு வரி எழுதிக் குடுத்துட்டுப் போயிடுவாங்க மாமா. காப்பின்னா முழுசா குடுக்கணும்."

"எனக்குத் தெரியாதா அந்த ஓப்பிஸைப் பத்தி? நான் தெனம் அவங்க மூஞ்சியில முழிக்கிறவன். நாளைக்கு இர்வான் எந்திரிச்சு வந்தா அவனுக்கு அங்கேயே ஒக்காந்து பாக்குற வேலையா ஒண்ணு கேக்கணும். பகைச்சுக்கிட்டு எப்படிக் கேக்குறது?"

அஃப்ரீன் உம்மாவைப் பார்த்தாள். நூர் பீவிக்கு அண்ணன் சொன்னால் மறுபேச்சு கிடையாது. கணவர் மவுத்தான பிறகு அந்தக் குடும்பத்தைத் தாங்கிப் பிடித்தவர் அவர். "மாமா சொல்ற மாதிரியே எழுதும்மா" என்றாள். அஃப்ரீன் உதட்டைக் கடித்துக்கொண்டு 'சாலினான்' என்பதை அழித்துவிட்டு 'மக்லுமாட்' என்று மாற்றினாள். காப்பி போய் விவரம் வந்தது. தாயார் என்ற முறையில் நூர் பீவி கையெழுத்துப் போட்டாள். கமாலுதீன் அதை உறையில் போட்டு, கசங்காமல் இருக்கத் தொழுகை விரிப்புக்கு நடுவில் வைத்து எடுத்துப் போனார்.

பதிலையும் அவரேதான் கொண்டு வந்தார். இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. ஒட்டிய உறையைப் பிரிக்காமல், மாடிப்படி ஏறிய மூச்சு அடங்குவதற்கு முன்பே, "பாத்தியா, மரியாதையாக் கேட்டோம், குடுத்துட்டாங்க" என்று நூர் பீவியின் கையில் வைத்தார். அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. நூர் பீவி தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அஃப்ரீன் உறையைக் கிழித்தாள்.

அரைப் பக்கம்தான். நலம் பெற வாழ்த்து, அனுதாபம், பிறகு ஒரே ஒரு வரி. கம்பெனியின் விசாரணை அறிக்கையின்படி, சம்பவம் நடந்த நேரத்தில் பெங்காவால் தன் இடத்தில் இல்லாததே காரணம்.

அஃப்ரீன் அந்த வரியை வாசித்துவிட்டு நிறுத்திவிட்டாள். பெங்காவால் என்றால் காவலாளி. பினாங்கில் பிறந்த பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். காவலாளி என்றால் அந்தத் தொழிற்சாலையில், அந்த ஞாயிற்றுக்கிழமையில், ஒரே ஆள்தான்.

"திரும்பப் படி" என்றாள் நூர் பீவி. அஃப்ரீன் படித்தாள்.

கமாலுதீன் கடிதத்தை வாங்கித் தானும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பெருமை இருந்த முகம் என்ன ஆயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. ரத்தம் முழுவதும் வடிந்து வெளுத்துப் போனது.

"நீ எங்கேண்ணே போனே?"

அவர் கண் கடிதத்திலேயே இருந்தது.

"அண்ணே, உன்னைத்தான். என் புள்ளை கை மாட்டுனப்ப நீ எங்கே இருந்தே?"

"சுராவ்ல" என்றார். "அஸர் தொழப் போனேன். தொழுதுட்டு வந்துதான் ரவுண்டு போனேன். கொஞ்சம் நேரமாயிருச்சு."

தொழப் போன மனிதரை என்ன சொல்ல முடியும்? வேறொரு நாளாக இருந்தால் நூர் பீவி வாயைப் பொத்திக்கொண்டிருப்பாள். ஆனால் அன்று காலையில்தான் டாக்டர், இர்வான் கண் விழித்தாலும் பழைய ஆளாக இருப்பானா என்பது தெரியாது என்று சொல்லியிருந்தார். அந்த ஆற்றாமையெல்லாம் ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருந்தது. ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

"என் புள்ளை அங்கே கெடந்து கத்தியிருக்கான். நீ சலாம் குடுத்துக்கிட்டு இருந்தியா? உன் தொழுகை எந்தப் படைச்சவனுக்குப் போய்ச் சேரும்? அவன் கையை வாங்கிக்கிட்டுத்தான் நீ தொழுதியா?"

"உம்மா!" என்று அஃப்ரீன் கத்தினாள். கொட்டியது கொட்டியதுதான். கமாலுதீன் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். கடிதத்தை மடித்து மேசைமேல் வைத்தார். தட்டில் போட்ட சோற்றை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு போய், செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. வேலையை விட்டுவிட்டதாகவும், புக்கிட் மெர்தாஜாமில் மகள் சலேஹா வீட்டோடு இருப்பதாகவும் செய்தி வந்தது. சலேஹா ஒரு முறை போன் செய்து, "அத்தை, அத்தா வீட்டுலேயே சுருண்டு கெடக்குறாங்க. மசூதிக்குப் போறதில்ல. ஒரு ஓரமா ஒக்காந்து தொழுதுட்டு அழறாங்க. நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாதா?" என்றாள். நூர் பீவிக்குப் பேச ஆசைதான். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய் இர்வானின் சுருட்டி முடித்த வெற்றுச் சட்டைக் கையைப் பார்த்ததும் மனசு மறுபடி கல்லாகிவிடும்.

இர்வான் கண் விழித்தான். அல்லாஹ்வின் கிருபை, ஆளை அடையாளம் தெரிந்தது. பேச்சு வந்தது, மெதுவாக. முன்னாலேயே அவன் மெதுவானவன், இப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையில் காலையில் பசியாறியது வரை நினைவிருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. டாக்டர், தலையில் அடிபட்டால் அப்படித்தான், அந்த நாள் திரும்பி வராது என்றார். என்ன நடந்தது என்று கேட்கலாம் என்றிருந்த ஒரே வாயும் அதோடு மூடிக்கொண்டது.

"மாமா ஏன் வரலே?" என்று தினம் கேட்டான்.

"வேலைடா."

"லீவே... கெடைக்கலியா?"

நூர் பீவி முகத்தைத் திருப்பிக்கொண்டு போர்வையைச் சரி செய்வாள்.

ஆஸ்பத்திரியில் நோயாளிகளுடைய குடும்ப விவகாரங்களைப் பார்க்கும் அதிகாரியாக அருந்ததி என்று ஒரு பெண்மணி இருந்தார். யாழ்ப்பாணத்துப் பரம்பரை. வார்த்தையை எண்ணிப் பேசுவார். சொக்சோ சம்பந்தமான காகிதங்களைப் பார்க்க வேண்டும் என்று நூர் பீவியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மருத்துவச் சான்று, அடையாள அட்டை நகல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தவர் கம்பெனியின் அரைப் பக்கக் கடிதத்தில் நின்றார்.

"இது என்ன?"

"ரிப்போர்ட்டுங்க."

"இல்லை அம்மா. இது ரிப்போர்ட்டைப் பற்றி யாரோ எழுதின கடிதம். ரிப்போர்ட் எங்கே?"

நூர் பீவி விழித்தாள். அருந்ததி அவளிடம் முதலில் எழுதிய கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் படித்தார். கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கள் விவரம்தான் கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் விவரம் தந்துவிட்டார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அறிக்கையின் பிரதி வேண்டுமென்றால் பிரதி என்றே கேட்க வேண்டும்."

நூர் பீவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அஃப்ரீன் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் எதுவும் சொல்லிக் காட்டவில்லை.

அருந்ததி நிதானமாக விளக்கினார். இப்போது இர்வானுக்குச் சுயநினைவு திரும்பிவிட்டது, அதனால் அவன் பெயரிலேயே கேட்க வேண்டும். எந்த நாள், எந்த மெஷின், எந்தக் காயம் என்று தெளிவாக எழுத வேண்டும். கம்பெனி உள்ளுக்குள் நடத்திய விசாரணை அறிக்கை ஒன்று, அரசாங்கத்தின் தொழில் பாதுகாப்புத் துறைக்கு அனுப்பிய அறிவிப்பு ஒன்று, இரண்டின் பிரதியையும் கேட்க வேண்டும். தன் காயத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளவும் சொக்சோ மருத்துவக் குழுவிடம் காட்டவும் என்று காரணத்தைச் சொல்ல வேண்டும். கடிதத்தை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரைச் சாப்பு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

"தருவாங்களா?" என்றாள் நூர் பீவி.

"தந்தே ஆக வேண்டும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். உள் அறிக்கையைத் தராத கம்பெனிகளும் உண்டு. தராவிட்டால் பாதுகாப்புத் துறைக்கு எழுதிக் கேட்கலாம் என்று கடைசி வரியில் போடுங்கள். மிரட்டலாக வேண்டாம், தகவலாகப் போடுங்கள்."

அன்றிரவே அஃப்ரீன் எழுதினாள். இந்த முறை 'சாலினான்' என்ற வார்த்தையைத் தடித்த எழுத்தில் போட்டாள். கையெழுத்துத்தான் கஷ்டம். இர்வான் இடது கையில் பேனாவைப் பிடித்து, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, முதல் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாகப் போட்டான். பேனா வழுக்கியது. காகிதத்தைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை இல்லாததால் அது நகர்ந்தது. நூர் பீவி காகிதத்தின் ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டாள். கையெழுத்து முடிந்ததும் அவன், "அசிங்கமா... இருக்கு" என்றான். "நல்லாத்தான்டா இருக்கு" என்றாள் அவள்.

ஜுருவுக்கு அஃப்ரீனே போய்க் கொடுத்துச் சாப்பு வாங்கி வந்தாள். வாசலில் புது ஜாகா உட்கார்ந்திருந்தாராம். பதில் வரவில்லை. நினைவூட்டி இன்னொரு கடிதம் போட்டாள். அதற்குப் பிறகு ஒரு நாள் கம்பெனியின் மனிதவளப் பிரிவிலிருந்து குணாளன் என்பவர் போன் செய்தார். மேலிடத்தில் அனுமதி கிடைத்துவிட்டது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

தாயும் மகளும் சேர்ந்தே போனார்கள். குணாளன் இளவயதுக்காரர். பழுப்பு உறையை இரண்டு கையாலும் கொடுத்தார். "நான் போன மாசம்தான் இங்கே வந்தேங்க அக்கா. படிச்சுப் பாத்தேன். மன்னிச்சுக்குங்க" என்றார். எதற்கு மன்னிப்பு என்று நூர் பீவிக்குப் புரியவில்லை. அண்ணனைப் பற்றி இன்னும் என்னென்ன எழுதியிருக்கிறார்களோ என்று உறையைப் பிரிக்காமலே மகள் கையில் கொடுத்தாள்.

பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து அஃப்ரீன் உறையைத் திறந்தாள். அறிக்கை இங்கிலீஷில் இருந்தது. பக்கம் பக்கமாகக் கட்டங்கள். அவள் விரலை வைத்துக்கொண்டே படித்தாள்.

"இங்கேயும் அதேதாம்மா. 'கார்ட்' இடத்துல இல்லைன்னு இருக்கு."

"சரி, மடிச்சு வை" என்றாள் நூர் பீவி. இதற்கா இவ்வளவு அலைந்தோம் என்றிருந்தது.

அஃப்ரீன் மடிக்கவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். இனிமேல் இப்படி நடக்காமலிருக்க என்ன செய்வது என்று ஒரு கட்டம். அதைப் படித்தாள். மறுபடி படித்தாள். அவள் புருவம் சுருங்கியது.

"உம்மா, இங்கே என்ன போட்டிருக்கு தெரியுமா? 'மெஷினைத் தொடங்குறதுக்கு முன்னாடி கார்டைத் திரும்ப மாட்டி நாலு போல்ட் போட்டு இறுக்கணும்'."

"யாரை?"

"அதான்மா. மாமாவையா போல்ட் போட்டு இறுக்குவாங்க?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அஃப்ரீன் பரபரவென்று பக்கங்களைப் புரட்டினாள். கடைசியில் ஒரு படம் இருந்தது. இரண்டு உருளைகள், அவற்றுக்கு மேலே வெறும் வெளி. அந்த வெறும் வெளியைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு. அம்பின் வாலில் எழுதியிருந்தது: கார்ட் இல்லை. அது உருளைகளை மூடி, கை உள்ளே போகாமல் தடுக்கிற இரும்பு மூடி. அட்டை சிக்கினால் எடுக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று பராமரிப்பு ஆட்கள் கழற்றி வைத்திருக்கிறார்கள். திரும்ப மாட்டவில்லை. நாள் கணக்காக அப்படியே மெஷினை ஓட்டியிருக்கிறார்கள். இர்வான் அவசரப்பட்டதாக அறிக்கையில் ஒரு எழுத்துகூட இல்லை.

இங்கிலீஷில் அந்த இரும்புக்கும் 'கார்ட்'தான் பேர், ஜாகாவுக்கும் 'கார்ட்'தான் பேர். ஓப்பிஸில் யாரோ ஒரு கிளார்க், பாதிக் கவனத்தில் அதை மலாயில் போட்டபோது இரும்பை மனிதனாக்கிவிட்டான். அவனுக்கு அது ஒரு வரி. இந்தப் பக்கம் ஒரு கிழவரின் மானமே போய்விட்டது.

"மாமா ஒண்ணும் செய்யலம்மா" என்று அஃப்ரீன் விசும்பினாள். "மாமா அங்கேயே இருந்திருந்தாலும் அது நடந்திருக்கும்."

நூர் பீவிக்குத் தன் வாயிலிருந்து வந்த சொற்கள் ஒவ்வொன்றாகக் காதில் கேட்டன. "புக்கிட் மெர்தாஜாம் பஸ் எதுன்னு பாரு" என்றாள். "இப்பவே போவணும். அண்ணன் காலைப் பிடிச்சாவது மாப்புக் கேக்கணும்."

சலேஹாதான் கதவைத் திறந்தாள். அத்தையைப் பார்த்ததும் அவள் கண் நிறைந்துவிட்டது. கமாலுதீன் பின்கட்டில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கைலியும் பனியனும். எப்போதும் இஸ்திரி மடிப்பு கலையாமல் இருந்த மனிதர். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. தங்கையைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் பார்த்தார்.

நூர் பீவி அவருக்கு முன்னால் சிமெண்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, என்னை மாப்புப் பண்ணிடு. நான் சொல்லக் கூடாததைச் சொல்லிட்டேன். உன் மேல ஒண்ணுமே இல்லண்ணே. ரிப்போர்ட் கெடச்சிருச்சு. இந்தா, பாரு."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அஃப்ரீன் நாற்காலியின் பக்கத்தில் மண்டியிட்டு, பக்கம் பக்கமாகத் திருப்பிச் சொன்னாள். பெங்காவால் என்று எழுதியது தப்பு மாமா, அது ஆளைச் சொல்லலே, மெஷின் மூடியைச் சொல்லியிருக்கு. அந்த மூடி இருந்திருந்தா கை உள்ளேயே போயிருக்காது. நீங்க தொழப் போனதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் தோள் மெல்ல இறங்கியது. மாதக்கணக்காக அடக்கிவைத்திருந்த மூச்சு ஒன்று வெளியே வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று உதடு மட்டும் அசைந்தது. நூர் பீவிக்குத் தன் நெஞ்சிலிருந்தே பாறை ஒன்று உருண்டு போனது மாதிரி இருந்தது. பின்னால் நின்ற சலேஹா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த மூடி எப்படி இருக்கும்?" என்று கேட்டார் கமாலுதீன்.

அஃப்ரீன் இன்னொரு படத்தைக் காட்டினாள். மூடியைத் திரும்ப மாட்டிய பிறகு எடுத்த படம். மஞ்சள் வர்ணம் அடித்த, ஓட்டை ஓட்டையான நீள இரும்புத் தகடு. இரண்டு பக்கமும் கைப்பிடி.

அவர் காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். நெடு நேரம் பார்த்தார். படத்தில் இருந்த கைப்பிடியை விரலால் தடவினார்.

"என்னண்ணே?"

"இது அங்கேதான் இருந்துச்சு" என்றார்.

"எங்கே?"

"அந்த மெஷினுக்குப் பக்கத்துல. நடக்குற பாதையில சாய்ச்சு வெச்சிருந்தாங்க. தெனம் ரவுண்டு போறப்பப் பாப்பேன். என்னமோ பழைய இரும்பு, பெசி புருக், தூக்கிப் போட வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன்." அவர் குரல் உடைந்தது. "யாராவது கால் தடுக்கி விழுந்துடுவாங்களேன்னு, ஒரு நாள் நான்தான் நூரு அதைத் தூக்கி, ஸ்டோர் சந்துல கொண்டுபோய் உள்ள தள்ளி வெச்சேன்."

சலேஹா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கண்ணுல பட்டிருந்தா யாராச்சும் எடுத்து மாட்டியிருப்பாங்க இல்ல? நான் மறைச்சு வெச்சுட்டேன். இர்வான் காலு தடுக்கிடக் கூடாதுன்னு நெனச்சேன் நூரு."

"உனக்கு எப்படித் தெரியும்ண்ணே? நீ ஜாகா. மெஷின் வேலை உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா? கழட்டுனவன் மாட்டியிருக்கணும். ஓட்டச் சொன்னவன் பாத்திருக்கணும். பாரு, அதுல அப்படித்தான் எழுதியிருக்கு. உன் பேரே இல்ல." நூர் பீவி அவர் முழங்காலைப் பிடித்து உலுக்கினாள். அவள் சொன்னது அத்தனையும் சரி. ஒரு வார்த்தைகூட அவர் காதில் ஏறவில்லை.

இல்லாத குற்றத்தை ஒரு காகிதத்தை நம்பி அவர் தலையில் கட்டினாள். இன்னொரு காகிதத்தைக் கொண்டுவந்து அதை இறக்கி வைத்தாள். இறக்கிய இடத்தில் இன்னும் பெரியது ஏறிக்கொண்டது. இதை எந்த ஓப்பிஸுக்கு எழுதி, எந்தச் சாப்பு வாங்கி, எப்படி இறக்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இர்வான் உன்னை தெனம் கேக்குறான்" என்றாள். "வாண்ணே, போவோம். நான் அவன்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேன். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

கமாலுதீன் காகிதத்தை மடிமேல் வைத்துவிட்டு, தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார்.

"நல்ல கனம் நூரு அது" என்றார். "ஒரு கையால தூக்க முடியலே. ரெண்டு கையாலயும் பிடிச்சுத்தான் தூக்கினேன்."

நூர் பீவி அந்தக் கைகளை எட்டிப் பிடித்துக்கொண்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் அழாத நாள் இல்லை. மகனுக்காக இல்லாமல் அண்ணனுக்காக அழுதது அன்றைக்குத்தான்.